மைதானத்துக்குச் சுவர் கிடையாது: ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு பி.டி. பீரியடைப் படமாகக் காட்டுவது எப்படி

வகுப்பறையில் ஓரளவு சமாளித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை, மைதானத்துக்கு வந்ததும் மட்டும் ஏன் கேட்டைப் பார்த்து ஓடுகிறான், ஏன் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிடுகிறான் என்று பல பி.டி. ஆசிரியர்கள் கேட்பதுண்டு. விளையாட்டு என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்தானே, இவனுக்கு மட்டும் என்ன? நியாயமான கேள்விதான். வகுப்பறையில் அவனுக்கென்று ஒரு இடம் இருக்கிறது, கரும்பலகை எந்தப் பக்கம் என்று தெரியும், மணி அடித்தால் அடுத்த பாடம் வரும். மைதானத்தில் இதில் ஒன்றும் கிடையாது. எங்கே நிற்பது, யாருக்குப் பின்னால், எவ்வளவு நேரம், விசில் ஊதினால் ஓடுவதா நிற்பதா, இதையெல்லாம் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தாங்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள். யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அப்படிப் பார்த்துப் பிடித்துக்கொள்வதுதான் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டமான காரியம்.

உடம்பும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் உண்டு, குறிப்பாகப் பந்தைப் பிடிப்பது மாதிரி நேரம் பார்த்து கையை நீட்ட வேண்டிய வேலைகளில். விசில் சத்தம் சிலருக்குக் காதில் ஊசி குத்துவதுபோல இருக்கும். ஆக, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத ஒரு இடத்தில், உடம்பு சொன்னபடி கேட்காத வேலையை, திடீர் திடீரென்று வரும் சத்தத்துக்கு நடுவில் செய்யச் சொல்கிறோம். ஓடாமல் என்ன செய்வான்.

வழக்கமாக நடப்பது, அவனை மரத்தடியில் உட்கார வைத்துவிடுவது. "பாவம் சார், அவன் பாட்டுக்கு இருக்கட்டும்." மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதை இரக்கமாகப் பார்ப்பதில்லை. அதன் 16-ஆவது பிரிவு, படிப்போடு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்று பள்ளிகளிடம் வெளிப்படையாகவே கேட்கிறது. ஆனால் சட்டம் சொல்லிவிட்டது என்பதற்காக அந்தப் பையனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வரிசையில் நிறுத்தினால் அதுவும் வேலைக்காகாது. மைதானத்தில் இல்லாத அந்தச் சுவரை நாம்தான் கட்ட வேண்டும், அதற்கான பொருள்தான், அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதை வரிசையாகப் படத்தில் காட்டும் பட அட்டவணை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷோப்லர் என்பவர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவாக்கிய டீச் திட்டம் 1972-இல் அந்த மாநிலம் முழுவதுக்குமான திட்டமானது. இடத்தை ஒழுங்குபடுத்துவது, அட்டவணையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது எல்லாம் அங்கே முறைப்படுத்தப்பட்டவை. அதில் எனக்கு மிகவும் உபயோகமாகப் படுவது, எந்த வேலையைக் கொடுத்தாலும் பிள்ளைக்கு நான்கு விஷயம் வாய்ப்பேச்சில்லாமல் தெரிய வேண்டும் என்பது. என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும், முடிந்தபின் என்ன. நம் ஊர் பி.டி. பீரியடை எடுத்து இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். "போய் விளையாடுங்கடா" என்ற ஒரு வாக்கியத்தில் நான்கில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

சரி, ஒரு பையனை வைத்துப் பார்ப்போம். நான் பார்த்த பல பிள்ளைகளைச் சேர்த்து உருவாக்கிக்கொண்ட ஒருவன் இவன். நான்காம் வகுப்பு, வகுப்பில் 36 பேர், 40 நிமிடப் பீரியட். ஒன்றிரண்டு சொல்லில் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஓட்டம் பிடிக்கும், பந்து பிடிக்காது. மைதானத்தில் பத்து நிமிடம்கூட இருக்கமாட்டான், குழாயடிக்குப் போய்விடுவான்.

அட்டை வெட்ட உட்காருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, அவன் எந்த நேரத்தில் கிளம்புகிறான் என்று பார்ப்பது. "எப்பவுமே ஓடுறான் சார்" என்பார்கள், ஆனால் குறித்துப் பார்த்தால் எப்போதும் ஓடமாட்டான். இவன் விஷயத்தில், மைதானத்தைச் சுற்றி ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பந்து எறிய ஒரே வரிசையில் நிறுத்தியதும்தான் கிளம்புகிறான். கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது: ஒருவருக்கு 20 விநாடி என்று வைத்தால் 36 பேர் எறிந்து முடிக்க 12 நிமிடம், அதாவது ஒரு பிள்ளை ஒரு தடவை எறிந்துவிட்டு அடுத்த தடவைக்கு 12 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். இவனுக்கு அது முடிவே தெரியாத நேரம். ஆக முதல் மாற்றம் அட்டையில் வராது, வகுப்பு நடத்தும் விதத்தில் வரும். ஒரு வரிசையை நான்காக்கினால் வரிசைக்கு ஒன்பது பேர், காத்திருப்பு மூன்று நிமிடமாகக் குறையும். இது 36 பேருக்குமே நல்லது. இதைச் செய்யாமல் 12 நிமிடம் நிற்கச் சொல்லி ஒரு 'காத்திரு' அட்டையை மட்டும் கையில் கொடுத்தால் அட்டை தோற்கும், அப்புறம் "இந்தப் படம் காட்டுறதெல்லாம் இவனுக்குச் சரிப்படாது" என்று பழி அட்டைமேல் விழும்.

இப்போது அட்டைக்கு வருவோம். எந்த மாதிரிப் படம் என்பது பிள்ளையைப் பொறுத்தது. சிலருக்குப் பொருளையே காட்ட வேண்டும், ஒரு சின்னப் பந்தைக் கையில் கொடுத்தால்தான் பந்து விளையாடப் போகிறோம் என்று புரியும். சிலருக்குப் புகைப்படம், சிலருக்குக் கோட்டுப் படம், சிலருக்கு எழுத்தே போதும். அவன் நன்றாக இருக்கும் நாளில் எதைப் புரிந்துகொள்கிறான் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. களைப்பாகவும் பதற்றமாகவும் இருக்கும்போது எது புரிகிறதோ அதுதான் அவனுக்கான அளவு, ஏனென்றால் மைதானத்தில் அவன் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பான். நம் பையன் எழுத்துக் கூட்டிப் படிப்பவன் என்றாலும் அவனுக்குக் கோட்டுப் படமும் கீழே ஒரு சொல்லும் வைப்பதே பாதுகாப்பு. புகைப்படம் எடுப்பதாக இருந்தால் பின்னணியில் ஒன்றும் இருக்கக் கூடாது. பந்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி தெரிந்தால், சில பிள்ளைகளுக்கு அந்த அட்டையின் அர்த்தமே சிவப்பு வாளி ஆகிவிடும், வாளி இல்லாத நாளில் தேடிக்கொண்டு நிற்பான்.

லேமினேஷன் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. வகுப்பறைக்குள் அழகாக இருக்கும் பளபள லேமினேட் அட்டை, காலை பதினோரு மணி வெயிலில் வெறும் கண்ணாடித் துண்டு, படமே தெரியாது. மங்கலான பரப்புள்ள தாளில் அச்சடித்து, சாதாரண அட்டையில் ஒட்டினால் போதும். மழையில் நனைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். அடிப்பலகைக்கு, பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுவரும் அட்டை இருக்கிறதே, அதைவிடச் சிறந்தது கிடையாது. காற்றில் பறக்காது, கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், நீளவாக்கில் ஒரு வெல்க்ரோ பட்டை ஒட்டினால் அட்டவணை தயார். அடியில் ஒரு கவரை ஒட்டி 'முடிந்தது' என்று எழுதிவிடுங்கள்.

பட்டையில் மேலிருந்து கீழாக ஆறு அட்டை. வட்டம் (சுண்ணாம்பால் போட்ட அவனுடைய வட்டத்தில் போய் நிற்பது), ஓட்டம், பந்து எறிதல், விளையாட்டு, தண்ணீர், வகுப்பறை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் இரண்டும் கடைசி இரண்டும் வருடம் முழுக்க மாறவே கூடாது. நடுவில் உள்ள இரண்டு மட்டும் மாறலாம், ஆரம்பத்தில் அதிலும் ஒன்றுதான் மாற வேண்டும். தினமும் ஒரே மாதிரி நடத்தினால் பிள்ளை அமைதியாக இருப்பான் என்பது உண்மைதான். ஆனால் அப்படியே மூன்று மாதம் ஓட்டினால், அவன் அட்டவணையைப் படிக்கமாட்டான், மனப்பாடமாக நடப்பான், ஒரு நாள் மாறினால் முன்னைவிட மோசமாக உடைந்துபோவான். வழக்கத்தின் ஓரங்களைக் கெட்டியாக வைத்துவிட்டு நடுவில் சின்னதாக மாற்றிக்கொண்டே இருந்தால்தான், அடுத்தது என்ன என்று அறிய அட்டையைப் பார்க்கும் பழக்கம் வரும். பார்க்கும் பழக்கம் வந்தபிறகு எதை வேண்டுமானாலும் அட்டையில் வைக்கலாம்.

அட்டையைக் கழற்றுவது யார் என்பது அடுத்த முக்கியமான விஷயம். பெரும்பாலான இடங்களில் ஆசிரியரே கழற்றுவார், "பாரு, அடுத்து பந்து" என்று சொல்லிக் காட்டுவார், பையன் பின்னால் வருவான். பார்க்க எல்லாம் சரியாக நடப்பதுபோல இருக்கும். உண்மையில் அவன் பின்பற்றுவது ஆசிரியரின் குரலைத்தான். அட்டையை அவன்தான் கழற்ற வேண்டும், அதை எடுத்துக்கொண்டு நடந்துபோய், பந்து எறியும் இடத்தில் கூம்பில் ஒட்டியிருக்கும் அதே படத்தோடு சேர்க்க வேண்டும், முடிந்ததும் கவரில் போட வேண்டும். முதல் சில வாரங்கள் உதவி தேவைப்படும். அதைப் பின்னால் நின்று, முழங்கையை லேசாக நகர்த்தி, வாய் திறக்காமல் செய்யுங்கள். வாயால் சொன்ன உதவியைக் குறைப்பது பின்னால் மிகவும் கஷ்டம், கையால் செய்ததைச் சுலபமாகக் குறைக்கலாம். அட்டவணை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை: ஐந்தடி தள்ளி நின்று பேசாமல் இருங்கள். அவன் அட்டையைப் பார்த்தால் அட்டவணை ஆரம்பித்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தால் இன்னும் நீங்கள்தான் அட்டவணை.

"எவ்வளவு" என்ற கேள்விக்கு நிமிடக் கணக்கில் பதில் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஓட்டத்துக்கு, வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி மூன்று துணிக் கிளிப் மாட்டுங்கள், ஒரு சுற்று முடிந்தால் ஒரு கிளிப்பை எடுத்து டப்பாவில் போடுவான், கயிறு காலியானால் ஓட்டம் முடிந்தது. எறிதலுக்கு, இடது பக்க வாளியில் ஆறு பந்து, எறிந்த பந்து திரும்பி அந்த வாளிக்கு வரக் கூடாது. பக்கத்துப் பையன்கள் நல்லெண்ணத்தில் பந்தைப் பொறுக்கிக்கொண்டுவந்து இவன் வாளியிலேயே போட்டுவிடுவார்கள், முடியப்போகிற வேலை மறுபடி ஆரம்பமாகும், அங்கே ஒரு கத்தல் வரும். அதை அடம் என்று நினைத்துவிடாதீர்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு போடுடா" என்று ஆசிரியர் ஆசையாகக் கேட்பதும் அதே தப்புதான். ஆறு என்றால் ஆறுதான். நன்றாக எறிகிறான் என்று தோன்றினால் அடுத்த வகுப்பில் ஏழு பந்து வையுங்கள்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். அட்டவணை, அடுத்து என்ன என்று சொல்லும். எப்படிச் செய்வது என்று சொல்லாது. பந்து அட்டையைச் சரியாக எடுத்துக்கொண்டு கூம்புக்கு வந்துவிட்டு, அங்கே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் உண்டு. அவனுக்குத் தேவை வேறொரு அட்டை: பக்கவாட்டில் நில், கையைப் பின்னால் கொண்டுபோ, எதிர்க் காலை முன்னால் வை, எறி என்று அந்த ஒரு செயலைக் காட்டுவது. 2011-இல் ப்ரெஸ்லின், ருடிசில் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் ஓடுதல், எறிதல் போன்ற அடிப்படைத் திறன்களை அளக்கும் ஒரு சோதனையை, வழக்கமான முறையிலும் படங்களின் துணையோடும் நடத்திப் பார்த்தார்கள். செயலைக் காட்டும் பட அட்டையோடு செய்தபோது வழக்கமான முறையைவிட மதிப்பெண் கூடியது. இதில் என்னைக் கவர்வது, அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதாக எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை, கேட்ட விதம்தான் மாறியது. அப்படியென்றால் "இவனுக்கு எறியத் தெரியாது" என்று நாம் எழுதிவைத்திருக்கும் எத்தனையோ குறிப்புகளில், என்ன கேட்கிறோம் என்று அவனுக்குப் புரியாததும் கலந்திருக்கிறது.

நான்காவது அட்டை, விளையாட்டு. இதுதான் உண்மையிலேயே கடினமான இடம், ஏனென்றால் விளையாட்டு என்பதே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் விளையாட்டு. கோ-கோவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் மாறி மாறி எதிர்த் திசை பார்த்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், துரத்துபவன் பின்னாலிருந்து முதுகைத் தட்டி "கோ" என்று கத்துவான், தட்டப்பட்டவன் உடனே எழுந்து துரத்த வேண்டும். எப்போது தட்டுவான் என்று தெரியாது, யார் தட்டுவான் என்று தெரியாது, தொடுதலும் கத்தலும் ஒன்றாக முதுகுப் பக்கத்திலிருந்து வரும். இதைவிட ஒரு கஷ்டமான ஆட்டத்தை இவனுக்கென்று யோசித்தாலும் கிடைக்காது. ஆனால் வகுப்பே விளையாடுவது அதைத்தான்.

விளையாட்டை முழுக்கக் கணிக்கக்கூடியதாக்க முடியாது, அப்படி அட்டையில் காட்டினால் அது பொய். தெரிந்ததை மட்டும் காட்டலாம்: அவன் எந்தக் கட்டத்தில் உட்காருவான் (எப்போதும் ஓரக் கட்டம்), யார் அவனுக்குக் கோ கொடுப்பார்கள் (பெயர் தெரிந்த இரண்டு பேர் மட்டும்), எத்தனை தடவை எழுந்து ஓடினால் அவன் பங்கு முடியும் (முதலில் இரண்டு). உட்கார், தட்டு, ஓடு என்று மூன்று படம். ஆட்டத்துக்கு முந்தைய வகுப்புகளில் அந்த இருவரோடு மட்டும் மெதுவாக நடந்தே பழக வேண்டும். தட்டும்போது உள்ளங்கையை முழுதாக வைத்து அழுத்தச் சொல்லுங்கள். விரல் நுனியால் லேசாகத் தொடுவது பல பிள்ளைகளுக்கு அழுத்தித் தொடுவதைவிடத் தாங்கமுடியாததாக இருக்கும். "கோ" என்பதைக் காதருகில் கத்தாமல் சொல்லலாம். விசிலுக்குப் பதில் ஆசிரியர் ஒரு சிவப்புக் கொடியைத் தூக்கினால் மற்றவர்களுக்கும் ஒன்றும் குறைந்துபோகாது. இத்தனை செய்தும் ஒரு பிள்ளைக்குக் கோ-கோ ஒத்துவராமல் போகலாம். அப்போது ஆட்டத்தை மாற்றுங்கள், அட்டையின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் இல்லை.

அடுத்து, நம் பள்ளிகளுக்கே உரிய ஒரு சிக்கல்: பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது. மற்ற 35 பேருக்கு அது ஏமாற்றம், "சார் ப்ளீஸ் சார்" என்று ஒரு முனகலோடு புத்தகத்தை எடுத்துவிடுவார்கள். அட்டவணையை நம்பக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது அட்டவணையே பொய் சொன்ன நாள். இதற்கென்று ஒரு 'மாற்றம்' அட்டை வேண்டும், அடையாளம் எதுவாகவும் இருக்கட்டும், ஒரு மஞ்சள் முக்கோணம் போதும். அதை முதன்முதலில் கெட்ட செய்தியோடு அறிமுகப்படுத்தாதீர்கள். ஒரு நாள் எறிதலுக்குப் பதில் அவனுக்குப் பிடித்த ஓட்டத்தை இன்னொரு முறை வைத்து, அங்கே மஞ்சள் முக்கோணத்தை ஒட்டுங்கள். பிடித்த மாற்றம் சில, எதிலும் சேராத மாற்றம் சில என்று பழகியபிறகு, கணக்கு வகுப்பு வரும் நாளில் பி.டி. அட்டையை அவன் கையாலேயே எடுக்கவைத்து முக்கோணமும் கணக்கும் வைக்கலாம். அழலாம். ஆனாலும் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். இதைப் பீரியட் ஆரம்பிக்கும்போது சொல்வதைவிடக் காலையிலேயே சொல்வது நல்லது, அதற்குக் கணக்கு ஆசிரியர் காலையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும், அது நம் கையில் இல்லை. பி.டி. பீரியடைக் கடன் கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது, அது வேறு கதை.

வகுப்புக்கே பொதுவாக ஒரு பெரிய பலகையில் எழுதிப்போட்டுவிட்டால் போதாதா, இவனைத் தனியாகக் காட்ட வேண்டாமே என்று கேட்பார்கள். பொதுப் பலகை வையுங்கள், நல்லதுதான், புதிதாக வரும் ஆசிரியருக்கும் உதவும். ஆனால் மைதானத்தின் ஒரு மூலையில் இருக்கும் பலகையை, பதற்றத்தில் இருக்கும் பிள்ளை தேடிப் போகமாட்டான். கையில் இருப்பதுதான் அவனுக்கு.

அட்டவணையால் ஆகாத சில விஷயங்களும் உண்டு. பசி, மலச்சிக்கல், காது வலி, வெயில் இவற்றால் வரும் தொந்தரவுக்கு அட்டை மருந்தாகாது. ஒரு வாரமாக நன்றாகப் போய்க்கொண்டிருந்தவன் திடீரென்று எல்லா அட்டையையும் பிய்த்து எறிந்தால், முதலில் உடம்புக்கு என்ன என்று வீட்டில் கேளுங்கள். 'நிறுத்து' அல்லது 'ஓய்வு' என்று ஒரு அட்டை எப்போதும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதைக் கொடுத்தால் உடனே ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். எந்நேரமும் கொடுத்துக்கொண்டே இருப்பானே என்ற பயம் வரும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்வான். குழாயடிக்கு ஓடுவதைவிட அது மேல், ஓய்வுக்கு இடமும் (அவனுடைய சுண்ணாம்பு வட்டம்) முடிவும் (இருபது வரை எண்ணுவது) இருந்தால் தானாகக் குறைந்துவரும்.

பிள்ளை நன்றாகப் பங்கெடுக்க ஆரம்பித்ததும் "இனி அட்டை எதுக்கு" என்று எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும், சில வாரத்தில் பழைய குழாயடிக்கே திரும்புவான். குறைப்பதென்றால் வடிவத்தைக் குறையுங்கள்: படம் போய்ச் சொல் வரட்டும், பரீட்சை அட்டை போய்ச் சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு வரட்டும், முடித்ததை அவனே பென்சிலால் அடித்துக்கொள்ளட்டும்.

விளையாட்டு விழா வரும்போது இதெல்லாம் ஒரே நாளில் சோதனைக்கு வரும். ஒலிபெருக்கி, பந்தல், கூட்டம், மேளம், போதாததற்கு வழக்கமான வட்டமே அங்கே இருக்காது. அந்த நாளுக்குத் தனி அட்டவணை வேண்டும், முந்தைய நாள் காலி மைதானத்தில் அதே ஓடுதளத்தில் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். காதுக்கு அடைப்பான் கொடுங்கள். ஓட்டப் போட்டியில் அவன் பெயர் முதல் சுற்றில் வரும்படி பொறுப்பாசிரியரிடம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள், காத்திருப்பு குறையும். அட்டவணையின் கடைசி அட்டையாக 'வீடு' இருக்கட்டும். பரிசளிப்பு வரை உட்கார வைக்க வேண்டியதில்லை, ஓடி முடித்தபின் அம்மா வந்து கூட்டிப்போகலாம் என்று வீட்டிலும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.